தாடி சமமாக வரவில்லையா? கத்தரி, சீப்பு வேலையில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் விதமும்

கத்தரியும் சீப்பும் வைத்துத் தாடியைச் சமன் செய்யும்போது மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. காதுக்கு முன்னால், கிருதா முடிந்து கன்னத் தாடி தொடங்கும் பகுதி. முகவாயில் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருந்தால் முடிக்குள் முடியாக மறைந்துவிடும். காதோரத்தில் அப்படி மறையாது. அங்கே முடி குட்டை, நெருக்கமும் மாறுகிறது, கீழே எலும்பும் வளைகிறது. அதனால் கிருதாவோடு தாடியை இணைப்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். மற்றவை போகிற போக்கில்.

எந்தக் கோளாறாக இருந்தாலும், திருத்தும் முன் தாடியைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். எண்ணெய் வேண்டாம். பாதி அகலப் பல், பாதி நெருக்கப் பல் உள்ள சாதாரண முடிவெட்டும் சீப்பு போதும். கத்தரி முடிவெட்டும் கத்தரியாகவே இருக்கட்டும், ஆறு அங்குலம் கைக்கு வசதி. மீசைக்கு வைத்திருக்கும் குட்டிக் கத்தரியால் கன்னத்தை வெட்டினால், ஒவ்வொரு வெட்டும் ஒரு கடி கடித்தாற்போலத் தனித்தனியாகத் தெரியும்.

பிடிக்கும் விதம் இதுதான். மோதிர விரல் நுழைந்திருக்கும் அலகு அசையக் கூடாது. அது சீப்பின் மேல் சீப்போடு சீப்பாகப் படுத்திருக்கும். கட்டைவிரல் அலகு மட்டும் திறந்து மூடும். இரண்டு அலகும் ஆடினால் சீப்பும் சேர்ந்து ஆடும், நீளம் போய்விடும். ஏனென்றால் இந்த வேலையில் நீளத்தை முடிவு செய்வது கத்தரி இல்லை. தோலுக்கும் சீப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறீர்களோ, அதுதான் மிஞ்சும் முடியின் நீளம். பல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை எடுப்பது மட்டுமே கத்தரியின் வேலை.

கிருதாவுக்குக் கீழே ஒரு கோடு தெரிகிறது

முதலில் அது எந்த வகைக் கோடு என்று பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்றுகொண்டு, கோட்டுக்குக் கீழே இருக்கும் முடியைச் சீப்பால் மேல்நோக்கிச் சீவி, பிறகு இயல்பாகப் படியும் திசையில் சீவி விடுங்கள். கோடு காணாமல் போனால் முடி தப்பான பக்கம் படிந்திருந்தது, அவ்வளவுதான். கத்தரியைக் கீழே வையுங்கள்.

கோடு அப்படியே இருக்கிறதா? அப்படியானால் கோட்டின் மேல், கீழ் இரண்டு பக்கத்து முடியையும் சேர்த்து இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, தோலிலிருந்து நேராக வெளியே இழுத்து, நுனிகளைப் பாருங்கள். நுனிகள் சரிவாக, ஒன்றை அடுத்து ஒன்றாக நீண்டுகொண்டே போனால் நீளத்தில் குற்றமில்லை. மேலே முடி அடர்த்தி குறைவு, கீழே அதிகம், அதனால் நிறம் மாறித் தெரிகிறது. இதற்கு நீளத்தைக் குறைத்தால் பலன் இல்லை. அலகில் சீப்புபோலப் பல் இருக்கும், முடியின் கனத்தைக் குறைக்கும் பல் கத்தரி இருந்தால் அடர்த்தியான பக்கத்தில், கோட்டுக்கு ஒரு விரல் கீழே, முடியின் நடுப்பகுதியில் ஒரு முறை வெட்டிச் சீவிப் பாருங்கள். தேவைப்பட்டால் இன்னொரு முறை. மூன்றாவது முறை வேண்டாம்.

நுனிகள் சட்டென்று தாவினால், அதாவது குட்டை முடி முடிந்த இடத்தில் நீள முடி சுவர்போல எழுந்தால், அது படி. இதுதான் உண்மையான கோளாறு. பெரும்பாலும் திருத்தப் போய் இன்னும் கெடுவதும் இதுதான்.

என் தம்பி அப்படித்தான் கெடுத்துக்கொண்டான். இரண்டு மாதத் தாடி, சுமார் 25 மில்லிமீட்டர். சலூனில் தலைமுடி வெட்டியபோது கிருதாவை ட்ரிம்மரால் 6 மில்லிமீட்டருக்குக் குறைத்து, காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குமிழ் மட்டத்தில் நிறுத்திவிட்டார்கள். அதற்குக் கீழே தாடி முழு நீளத்தில் தொடங்குகிறது. மொத்தம் 19 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரே இடத்தில். வீட்டுக்கு வந்தவன் கோட்டை அழிக்கிறேன் என்று அதற்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்குச் சீப்பைக் கிடையாகப் பிடித்து வெட்டினான். கோடு அழியவில்லை, ஒரு விரல் கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. மறுபடி வெட்டினான், மறுபடி இறங்கியது. மூன்றாவது முறைக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டான். நல்லவேளை!

காரணம் எளிது. சீப்பைக் கிடையாக, ஒரே இடைவெளியில் பிடித்து வெட்டினால் அந்த இடம் சமதளமாகிறது. சமதளம் முடியும் இடத்தில் இன்னொரு படி பிறக்கும். நமக்கு வேண்டியது சரிவு, சரிவுக்கு இடம் வேண்டும். மேலே இருக்கும் 6 மில்லிமீட்டரை நீட்ட முடியாது என்பதால் சரிவு முழுவதையும் கோட்டுக்குக் கீழே, நீள முடியில்தான் அமைக்க வேண்டும். குமிழிலிருந்து தாடை மூலை வரை அவன் முகத்தில் கிட்டத்தட்ட 6 சென்டிமீட்டர் இருந்தது. ஆக மேலே 6, இரண்டு சென்டிமீட்டர் கீழே வந்தால் சுமார் 12, இன்னும் இரண்டு கீழே 18, தாடை மூலையில் 25. இந்தக் கணக்கை அளவுகோல் வைத்துச் செய்ய வேண்டாம், சீப்பே செய்து கொடுக்கும்.

எப்படியென்றால், சீப்பைக் கிடையாகப் பிடிக்காமல் செங்குத்தாகப் பிடியுங்கள். பல் மூக்கைப் பார்க்கட்டும், சீப்பின் முதுகு காதைப் பார்க்கட்டும். கன்னத்து முடி பெரும்பாலானவர்களுக்குக் கீழ்நோக்கியும் காதுப் பக்கமாகவும் சாய்ந்து வளர்வதால், காதுப் பக்கமிருந்து உள்ளே நுழைந்தால்தான் முடி எழும்பி நிற்கும். சீப்பின் மேல்முனை கிருதா முடியின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தோலில் அழுத்தினால் ஏற்கெனவே குட்டையாக இருக்கும் கிருதா இன்னும் குறைந்துவிடும். கீழ்முனை தாடை மூலையில் தோலிலிருந்து கட்டைவிரலின் ஒரு கணு அளவு விலகியிருக்கட்டும். இப்போது சீப்பு சாய்ந்து நிற்கிறது. அந்தச் சாய்வுதான் நமக்கு வேண்டிய சரிவு. பல்லைத் தாண்டி நீட்டியிருக்கும் முடியைச் சீப்பை ஒட்டியே வெட்டுங்கள்.

முதல் வெட்டில் கோட்டுக்கு நேர் கீழேதான் நிறைய உதிரும், கீழே போகப்போகக் குறையும், தாடை மூலையில் ஒன்றுமே வராது. அப்படி வந்தால் சாய்வு சரி. தாடை மூலையிலும் கொத்தாக உதிர்ந்தால் கீழ்முனையை மிக நெருக்கமாக வைத்துவிட்டீர்கள், நிறுத்தி இன்னும் விலக்குங்கள்.

அப்புறம் சீப்பை ஒரு சென்டிமீட்டர் மூக்குப் பக்கம் நகர்த்தி அதே சாய்வில் மறுபடி. நான்கைந்து முறை நகர்த்தினால் கண்ணின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே வந்துவிடுவீர்கள். அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு முன்பக்கம் உள்ள கன்னத்துக்குக் கிருதாவோடு சம்பந்தமில்லை.

உங்களுக்கு நீங்களே வெட்டும்போது வலக் கன்னம் சுலபம். இடது கை சீப்பின் கீழ்முனையை முகவாய்ப் பக்கமிருந்து பிடிக்கும், வலக் கையில் கத்தரி நுனி மேல்நோக்கி இருக்கும். இடக் கன்னத்தில் கத்தரிக் கை முகத்தைத் தாண்டிப் போக வேண்டும். உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி திருப்பிக்கொண்டு, அவசரமில்லாமல் சின்னச் சின்ன வெட்டாக எடுங்கள். எந்தப் பக்கமானாலும் கத்தரிக்கும் தோலுக்கும் நடுவே சீப்பு இருக்க வேண்டும், கத்தரி நுனி சீப்பின் மேல்முனையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அடுத்து இருப்பது காது.

கடைசியில் சரிபார்க்க இன்னொரு திசை வேண்டும். செங்குத்தாக வெட்டியதைக் கிடையாகச் சோதியுங்கள். சீப்பைக் கிடையாகப் பிடித்து, பல் மேல்நோக்கி, தாடை மூலையிலிருந்து கிருதா வரை வெட்டாமல் மெல்ல ஏற்றிக்கொண்டு போங்கள். பல்லுக்கு வெளியே தெரியும் முடி சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். ஏதாவது ஒரு மட்டத்தில் நாலைந்து முடி மட்டும் நீட்டினால் அவற்றை மட்டும் நுனியால் எடுத்தால் போதும். தம்பிக்கு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆனது. அவன் தானே வெட்டிய இரண்டாவது படியின் அடையாளம் லேசாக மிஞ்சியது, அதை விட்டுவிட்டேன். இன்னும் எடுத்தால் சரிவு முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும்.

சமமாகத்தான் வெட்டினேன், ஆனால் காதுக்குக் கீழே உப்பிக்கொண்டு முகம் அகலமாகத் தெரிகிறது

இதில் பிழை கையில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே நீளம் விட்டால் தாடி கீழே உள்ள எலும்பின் வடிவத்தை அப்படியே பெரிதாக்கிக் காட்டும். தாடை மூலை ஏற்கெனவே வெளியே துருத்தியிருக்கும் இடம். அதோடு கன்னத்திலிருந்து கீழே வரும் முடியும் கழுத்திலிருந்து வேறு பக்கம் வளரும் முடியும் அங்கேதான் சந்திக்கின்றன. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் 25 மில்லிமீட்டர் முடி பார்வைக்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும். அதன் மேலே கன்னம் குழிவாக இருந்தால் உப்பல் இன்னும் எடுப்பாகிவிடும்.

ஆக, சமம் என்று நாம் பார்க்க வேண்டியது முடியின் நீளத்தை அல்ல, முன்னாலிருந்து தெரியும் வெளி விளிம்பை. கடுக்கன் குத்தும் இடத்துக்கு நேர் கீழிருந்து தாடை மூலை வரை மட்டும், சீப்பைக் கிடையாக வைத்து, முன்பைவிட நான்கைந்து மில்லிமீட்டர் தோலை நெருங்கிப் பிடித்து எடுங்கள். 25 அங்கே 20 ஆகட்டும். குழிந்த கன்னத்தில் கை வைக்காதீர்கள், அங்கே இருக்கும் நீளம்தான் குழியை நிரப்புகிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வெட்டும்போது மும்முரத்தில் நாம் பல்லைக் கடித்துக்கொள்வோம். கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துப் பாருங்கள், தாடை மூலையில் தசை திரண்டு எழும்பும். அந்த நிலையில் சீப்பை வைத்து வெட்டினால், வாயைத் தளர்த்தியதும் அங்கே பள்ளம். உதடு மூடி, பல்லுக்குப் பல் படாமல் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

வெட்டிய அன்று நன்றாக இருந்தது, மறுநாள் அங்கங்கே முடி நீட்டிக்கொண்டு நிற்கிறது

ஈரத்தில் வெட்டினீர்களா? ஈர முடி நீண்டு, தோலோடு ஒட்டிப் படியும். காய்ந்ததும் சுருளும், எழும்பும். அதுவும் எல்லா முடியும் ஒரே அளவு சுருளாது. சுருட்டைத் தாடிக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எண்ணெய் தடவி வெட்டினாலும் இதே கதைதான்.

காய்ந்த தாடியைத்தான் வெட்டினேன் என்றால், ஒரே திசையில் மட்டும் சீவியிருப்பீர்கள். கீழ்நோக்கிச் சீவும்போது அடியில் படுத்திருந்த முடி இரவில் தலையணையில் புரண்டு மேலே வந்துவிட்டது. மேல்நோக்கி ஒரு முறை, காதிலிருந்து மூக்குப் பக்கம் ஒரு முறை, மூக்கிலிருந்து காதுப் பக்கம் ஒரு முறை சீவுங்கள். ஒவ்வொரு முறையும் முகத்தை உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிட்டு, தனியே எழுந்து நிற்பதை மட்டும் எடுங்கள். இதற்குச் சீப்பே வேண்டாம், கத்தரி நுனி போதும். பத்து இருபது முடிக்கு மேல் எடுக்க வேண்டி வந்தால் அது உதிரி முடி இல்லை, சமன் செய்யும் வேலையே பாக்கி இருக்கிறது.

இடமும் வலமும் ஒன்றாக இல்லை

திருத்தத் தொடங்கினால் இரண்டு பக்கமும் மாறி மாறிக் குறைந்துகொண்டே போகும் கோளாறு இது. முதலில் கண்ணாடியை நம்புவதை நிறுத்துங்கள். வெட்டும் பக்கத்தை நன்றாகப் பார்க்கத் தலையைச் சாய்க்கிறோம், சாய்த்த தலையில் எந்த இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரியாது. கை நீட்டும் தூரத்தில் போனை மூக்கு மட்டத்தில் பிடித்து, நேராகப் பார்த்து ஒரு படம் எடுங்கள். காது இரண்டும் ஒரே அளவு தெரிகிற படத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

அதில் உண்மையாகவே வித்தியாசம் தெரிந்தால், எந்த மட்டத்தில் என்று பாருங்கள். பெரும்பாலும் பக்கம் முழுவதும் தவறியிருக்காது. கத்தரிக் கை எட்டாத பக்கத்தில், தாடை மூலையில் மட்டும் கனம் மிஞ்சியிருக்கும். அந்த மட்டத்தில் மட்டும் எடுங்கள், மறுபக்கத்தைத் தொடாதீர்கள். வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டருக்குள் என்றால் விட்டுவிடலாம். முகமே இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை.

ஓர் இடத்தில் குழி விழுந்துவிட்டது

கத்தரி நுனியால் குத்தி எடுத்தால் விழும். சீப்பு சட்டென்று தோலில் அழுந்தினாலும் விழும். சுழி இருக்கும் இடத்தில் முடியைக் கட்டாயப்படுத்தி நிமிர்த்தி வெட்டினாலும் விழும். சுழியில் படுத்தே இருக்க வேண்டிய முடியை எழுப்பினால் அது உண்மையைவிட நீளமாகத் தோன்றும், வெட்டிவிட்டுக் கையை எடுத்தால் திட்டு.

குழிக்குச் சமமாகச் சுற்றியிருப்பதை எல்லாம் இறக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். தாடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளரும். 5 மில்லிமீட்டர் குழி நிரம்பப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் ஆகும். சுற்றியுள்ள முடியும் அதே வேகத்தில் வளருமே என்று கேட்கலாம். வளரும். அதனால்தான் அந்த இரண்டு வாரத்தில் குழியை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை மட்டும் நாலைந்து நாளுக்கு ஒருமுறை வளர்ந்த அளவுக்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், மட்டம் தட்ட வேண்டும். குழி தானே வந்து சேர்ந்துகொள்ளும்.

அதுவரை மறைக்க வேண்டுமென்றால் குழியின் மேல் விளிம்பில் உள்ள முடியைக் குறைக்காமல் விடுங்கள். அது கீழ்நோக்கி விழுந்து குழியை மூடும். கீழ் விளிம்பில் பல் கத்தரியால் ஒரே ஒரு வெட்டு, விளிம்பின் கூர்மை மங்குவதற்காக. குழி கிருதாவிலேயே விழுந்தால் இந்த வித்தை செல்லாது, அங்கே மூடுவதற்கு மேலே நீள முடி இல்லை. கிருதா முழுவதையும் குழியின் அளவுக்கு இறக்கி, சரிவை மேலே சொன்னபடி புதிதாக அமைக்க வேண்டியதுதான்.

கத்தரி முடியை வெட்டாமல் இழுக்கிறது, நுனி பிய்ந்தாற்போல இருக்கிறது

முகத்தில் அல்ல, கத்தரியில் தேடுங்கள். ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மற்ற அலகை முழுதாகத் திறந்து விடுங்கள். தொப்பென்று விழுந்து மூடினால் நடு ஆணி தளர்ந்திருக்கிறது. பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் அளவுக்கு முறுக்குங்கள். பிறகு நனைத்த டிஷ்யூ தாளை வெட்டிப் பாருங்கள். சுத்தமாக வெட்டினால் சரி. மடித்துக்கொண்டு உள்ளே இழுத்தால் சாணை பிடிக்கக் கொடுக்க வேண்டும். அந்தக் கத்தரியை வைத்துக்கொண்டு மேலே சொன்ன எதையும் திருத்தப் பார்க்காதீர்கள், முடி மடிந்து நழுவும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படி விழும்.